அம்பயர் கை காட்டுவது யாருக்காக?

தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஓடும்போது நம் வீட்டுச் சிறுவர்கள்கூட அம்பயரின் கையைப் பார்த்து "வைடு", "ஃபோர்", "அவுட்" என்று சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். அதே பிள்ளையை ஒரு வெள்ளைச் சட்டையைப் போடச் சொல்லி மைதானத்தின் நடுவில் நிறுத்திப் பாருங்கள். எந்தச் சைகை எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அது எந்த நொடியில் எழ வேண்டும், யாரை நோக்கி எழ வேண்டும் என்பதுதான் தெரியாது. சைகைகளின் வடிவத்தை ஒரு மாலைப் பொழுதில் பழகிவிடலாம். நேரமும் திசையும்தான் பாடம். ஒரே ஒரு ரன்னில் முடிவு மாறிய ஓர் உள்ளூர் ஆட்டத்தை வைத்து அந்தப் பாடத்தைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

கரக்பூரில் இருப்பவர்களுக்குக் கிரிக்கெட்டைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தோனி 2001-இல் டிக்கெட் பரிசோதகராக வேலைக்குச் சேர்ந்த ஊர் இது. நான் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்த காலத்தில் பிரிவுகளுக்கு இடையே நடக்கும் ஆட்டங்களுக்குப் பல ஆண்டுகள் அம்பயராக நின்றிருக்கிறேன். 2019-ஆம் ஆண்டு பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் காலனித் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் தெலுங்குப் பிள்ளைகளுக்கும் 20 ஓவர் ஆட்டம் ஏற்பாடாகியிருந்தது. நானும் இன்னொரு நண்பரும் அம்பயர்கள். முந்தின நாள் மத்தியானம் நண்பருக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. எங்கள் எதிர் வீட்டில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பியைக் கூப்பிட்டேன். நன்றாக ஆடத் தெரிந்தவன்தான். கணுக்கால் சுளுக்கியிருந்ததால் அந்த ஆட்டத்தில் அவன் ஆடவில்லை.

"அங்கிள், நான் நம்ம சைடாச்சே, அவங்க ஒத்துக்குவாங்களா?" என்றுதான் முதலில் கேட்டான்.

தெலுங்கு அணியின் கேப்டனிடம் போய்ச் சொன்னோம். "மாமய்யா நீங்கள் ஒரு பக்கம் நிற்கிறீர்களே, போதும்" என்று அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அன்று மாலை மொட்டை மாடியில் பாடம் ஆரம்பமாயிற்று.

இரண்டு வகைச் சைகைகள்

கிரிக்கெட்டின் விதிகளை வகுப்பது லண்டனில் உள்ள எம்.சி.சி. 2017-இல் அது வெளியிட்ட தொகுப்பில் 42 விதிகள் இருக்கின்றன. இரண்டாவது விதி அம்பயர்களைப் பற்றியது. அதில் சைகைகளை இரண்டு கூறாகப் பிரித்திருக்கிறார்கள். பந்து ஆட்டத்தில் இருக்கும்போதே காட்ட வேண்டியவை நான்குதான்: டெட் பால், நோ பால், அவுட், வைடு. பவுண்டரி, சிக்ஸர், பை, லெக் பை முதலான மற்றவற்றைப் பந்து 'டெட்' ஆன பிறகுதான் காட்ட வேண்டும். பந்து எல்லையைத் தாண்டிவிட்டாலோ, விக்கெட் விழுந்துவிட்டாலோ, கீப்பர் அல்லது பௌலர் கையில் பந்து அடங்கிவிட்டாலோ அது டெட்.

இந்தப் பிரிவுக்குக் காரணம் இருக்கிறது. முதல் வகைச் சைகைகள் ஆடிக்கொண்டிருப்பவர்களுக்குத் தேவையான செய்தி. "இது வைடு" என்று தெரிந்தால் பேட்ஸ்மேன் கூடுதலாக ஒரு ரன்னுக்கு ஓடலாமா என்று யோசிப்பான். இரண்டாம் வகை ஸ்கோரருக்கு. அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். பந்து மட்டையில் பட்டதா, காலில் பட்டதா என்று அவருக்கு அங்கிருந்து தெரியாது. அம்பயர் சொல்வதை அப்படியே எழுதுவதுதான் அவர் வேலை.

சைகை காட்டினால் மட்டும் போதாது. ஒவ்வொரு சைகைக்கும் ஸ்கோரர் தனித்தனியே பதில் காட்ட வேண்டும். அது வரும்வரை ஆட்டத்தைத் தொடர விடக் கூடாது. இது ரயில்வேக்காரர்களுக்குப் பழகிய விஷயம். கார்டு காட்டும் கொடிக்கு டிரைவர் பதில் கொடுத்தால்தானே அது சேர்ந்தது என்று பொருள்! ஒன்றில் மட்டும் தம்பியைப் பார்த்துச் சிரித்தேன். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினால் கிரிக்கெட்டில் சிக்ஸர். கொடி இல்லாத ரயில்வேக்காரன் அதே மாதிரி தூக்கினால் "வண்டியை உடனே நிறுத்து" என்று அர்த்தம். நான் முதன்முதலில் அம்பயராக நின்ற ஆட்டத்தில் சிக்ஸர் காட்டியபோது ஒரு பழைய டிரைவர் வெளியிலிருந்து "வண்டி எங்கே?" என்று கத்தினார்.

வைடு: பந்து ஸ்டம்பைத் தாண்டும்வரை பொறு

வைடுக்குச் சைகை சுலபம். இரண்டு கைகளையும் தோள் மட்டத்தில் பக்கவாட்டில் நீட்ட வேண்டும். கூடவே "வைடு" என்று உரக்கச் சொல்லவும் வேண்டும். பேட்ஸ்மேன் வழக்கமான அடியால் எட்ட முடியாத தூரத்தில் பந்து அவரைக் கடந்து போனால் அது வைடு. அவர் நகர்ந்து போய்ப் பந்தைத் தன் கைக்கெட்டும்படி ஆக்கிக்கொண்டால் வைடு இல்லை. நடு ஸ்டம்பிலிருந்து 4 அடி 4 அங்குலத்தில் இருபுறமும் ரிட்டர்ன் கிரீஸ் என்ற கோடு இருக்கும். வலக்கை, இடக்கை ஆட்டக்காரர் இருவருக்கும் உதவும்படி, இருபுறமும் அதற்கு 17 அங்குலம் உள்ளே சுண்ணாம்பினால் இன்னொரு கோடு போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். பேட்ஸ்மேனின் ஆஃப் பக்கத்தில் அந்தக் கோட்டுக்கு வெளியே போனால் வைடு என்று இரண்டு கேப்டன்களும் முன்பே ஒப்புக்கொண்டுவிடுவார்கள்.

புதிய அம்பயர் சறுக்கும் இடம் நேரம்தான். பந்து ஸ்ட்ரைக்கர் பக்கத்து ஸ்டம்பைத் தாண்டிய பிறகே வைடு சொல்ல வேண்டும். பந்து பௌலர் கையை விட்டதுமே அது லெக் பக்கம் போகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். கை தானாக எழும்பும். ஆனால் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து பேட்ஸ்மேனை அடைய முக்கால் விநாடி ஆகவில்லை என்றாலும், அந்த நேரத்துக்குள் அவர் மட்டையை நீட்டித் தொட்டுவிடலாம். மட்டையிலோ உடம்பிலோ பட்டுவிட்டால் அது வைடு இல்லை.

ஆட்டத்தின் மூன்றாவது ஓவரில் இதுவேதான் நடந்தது. எங்கள் அணி முதலில் ஆடிக்கொண்டிருந்தது. லெக் பக்கம் விலகி வந்த பந்துக்குத் தம்பியின் கைகள் பாதி விரிந்துவிட்டன, வாயிலும் "வைடு" வந்துவிட்டது. பேட்ஸ்மேன் மட்டையின் விளிம்பால் அதைத் தட்டிவிட, பந்து ஃபைன் லெக் எல்லைக்கு ஓடிற்று. தம்பி என்னைப் பார்த்தான். நான் ஸ்கொயர் லெக்கில் இருந்தபடி என் தோள்களைத் தொட்டுக் காட்டினேன். பிறகு அவனுக்கு நினைவு வந்தது. வலக்கையால் இடது தோளையும் இடக்கையால் வலது தோளையும் தொட்டால் "முன்பு காட்டியதை ரத்து செய்கிறேன்" என்று பொருள். ஸ்கோரரைப் பார்த்து முதலில் அதைக் காட்டினான். அவர் கை தூக்கினார். அடுத்து பவுண்டரி காட்டினான். மறுபடி அவர் கை தூக்கினார். வைடுக்கு ஒரு ரன் போயிற்று, பேட்ஸ்மேன் பேரில் நான்கு ஏறிற்று.

அந்த ஓவர் முடிந்ததும் அவனிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னேன்: "பந்து போடும்போது கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கோ. கீப்பர் கையில பந்து விழற சத்தம் கேட்டப்புறம் அவிழ்த்துக்கோ." அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை அவன் அவசரப்படவில்லை.

வைடை இரண்டு முறை காட்ட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. பந்து தாண்டியதும் ஒரு முறை, ஆடுகிறவர்களுக்காக. பந்து டெட் ஆன பிறகு ஸ்கோரரை நோக்கித் திரும்பி நின்று மறுபடி ஒரு முறை. ஏன் திரும்ப வேண்டும்? எங்கள் மைதானத்தில் ஸ்கோரரின் மேஜை பிட்ச்சுக்கு நேர் பக்கவாட்டில், வேப்பமரத்தடியில் இருக்கிறது. அம்பயர் பேட்ஸ்மேனைப் பார்த்து நிற்கும்போது மரத்தடியில் இருப்பவர் அவரைப் பக்கவாட்டில்தான் பார்க்கிறார். நீட்டிய கைகளில் ஒன்று இன்னொன்றை மறைத்துவிடும். ஒரு கையை நீட்டினால் நோ பால், இரண்டு கை என்றால் வைடு. பக்கவாட்டிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். இதை மொட்டை மாடியில் தம்பியின் தங்கையை ஓரமாக நிற்கவைத்துக் காட்டினேன். "ஒரு கையா ரெண்டு கையான்னே தெரியலை அங்கிள்" என்று அவளே சொன்னாள்.

வைடு அந்த ஓவரின் ஆறு பந்துகளில் சேராது. எண்ணிக்கை தவறாமல் இருக்கத் தம்பியின் இடப்பக்கப் பாக்கெட்டில் ஆறு ஒரு ரூபாய் நாணயங்களைப் போட்டேன். நல்ல பந்து ஒன்றுக்கு ஒரு நாணயம் வலப்பக்கப் பாக்கெட்டுக்கு மாறும். வைடுக்கும் நோ பாலுக்கும் நாணயம் நகரக் கூடாது.

பவுண்டரி: முதலில் முழங்கால், பிறகு கை

நான்கு ரன்னுக்குக் கையை மார்புக்கு முன்னால் இப்படியும் அப்படியும் வீசி, கடைசியில் மார்புக்குக் குறுக்கே நிறுத்த வேண்டும். ஆறுக்கு இரண்டு கைகளும் தலைக்கு மேல். பந்து எல்லையைத் தொடுவதற்கு முன் கையை வீசிவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் பேட்ஸ்மேன்கள் நின்றுவிடுவார்கள். அந்நேரம் பார்த்து ஃபீல்டர் பாய்ந்து பந்தை நிறுத்திவிட்டால், இரண்டு பக்கமும் அம்பயர்மீது பாயும். பந்து எல்லையைச் சேர்ந்தது என்று நிச்சயமாகத் தெரியும்வரை கை அசையக் கூடாது.

எங்கள் மைதானத்தில் கயிறு கிடையாது. இருபது தப்படிக்கு ஒன்றாகக் கொடிகள்தான் நட்டிருப்போம். அப்படிப்பட்ட இடத்தில் அடுத்தடுத்த இரண்டு கொடிகளுக்கு இடையே போடும் நேர்கோடுதான் எல்லை. அது வளைவாக இருப்பதாக ஃபீல்டர்கள் சாதிப்பார்கள். வளைவு இல்லை, நேர்கோடு என்பதை டாஸ் போடும்போதே இரு கேப்டன்களுக்கும் சொல்லிவிட்டால் பாதி வாய்ச்சண்டை குறையும்.

பவுண்டரியில் நுட்பமான இடம் இன்னொன்று உண்டு. தெலுங்கு அணி ஆடியபோது அவர்களுடைய தொடக்க ஆட்டக்காரர் 47 ரன்னில் இருந்தார். ஒரு பந்தை அவர் அடிக்க முயன்றார். அது மட்டையில் படாமல் கால் காப்பில் பட்டு விலகி எல்லைக்கு ஓடிவிட்டது. வெளியே இருந்தவர்கள் அரைச் சதம் என்று கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். அவரும் மட்டையைத் தூக்கிக் காட்டப் பார்த்தார். தம்பி அந்த நேரம் வெறுமனே கையை வீசியிருந்தால் ஸ்கோரர் நான்கையும் அவர் பேரில் எழுதியிருப்பார். தம்பி மரத்தடியை நோக்கித் திரும்பினான். ஒரு காலை மடக்கித் தூக்கி முழங்காலைக் கையால் தொட்டான். அது லெக் பை. ஸ்கோரர் பதில் காட்டினார். பிறகு கையை வீசிப் பவுண்டரி காட்டினான். மறுபடி பதில் வந்தது. கைதட்டல் அடங்கிவிட்டது. நான்கு ரன் அணிக்குச் சேர்ந்தது, அவர் 47-லேயே இருந்தார்.

எது முதலில் நடந்ததோ அதை முதலில் காட்ட வேண்டும் என்பதே விதி. பந்து முதலில் காலில் பட்டது, பிறகு எல்லைக்குப் போனது. அந்த வரிசையிலேயே சைகையும். மட்டையிலும் படாமல் உடம்பிலும் படாமல் போயிருந்தால், முதலில் ஒரு கையை விரித்துத் தலைக்கு மேல் தூக்கிப் பை காட்டிய பிறகு பவுண்டரி காட்ட வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பேட்ஸ்மேன் பந்தை அடிக்க முயன்றிருந்தால் அல்லது தன்மேல் படாமல் ஒதுங்க முயன்றிருந்தால்தான் லெக் பை உண்டு. மட்டையை ஒளித்துக்கொண்டு காலை மட்டும் நீட்டியிருந்தால் அந்த ரன்கள் கிடையா.

அவுட்: கேட்டால்தான் பதில்

அவுட் காட்டுவதற்கு ஆள்காட்டி விரலைத் தலைக்கு மேல் நேராக உயர்த்த வேண்டும். பேட்ஸ்மேன் முகத்துக்கு நேரே நீட்டுவது சைகையும் இல்லை, மரியாதையும் இல்லை. தம்பி முந்தின நாள் விரலைக் கொக்கிபோல் வளைத்துக் காட்டினான். நியூசிலாந்தின் பில்லி பவுடனைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கற்றது. பவுடனுக்கு மூட்டுவாதம் இருந்தது, அதனால் அவர் விரல் அப்படி எழுந்தது என்று சொன்னதும் நேராக நீட்டிக்கொண்டான். நம் வெங்கட்ராகவனை நினைவுபடுத்தினேன். சென்னை கிண்டியில் இன்ஜினியரிங் படித்தவர். 1975, 1979 உலகக் கோப்பைகளில் இந்தியாவின் கேப்டன். பிறகு 1993 முதல் 2004 வரை 73 டெஸ்டுகளில் அம்பயராக நின்றார். அவர் கையில் வேடிக்கை எதுவும் இருக்காது.

இந்த விரலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆடுகிறவர்கள் "ஹவ்ஸ் தட்" என்று கேட்காமல் அம்பயர் யாரையும் அவுட் கொடுக்கக் கூடாது. எல்.பி.டபிள்யூ.வாக இருந்தாலும், மட்டையில் உரசிய சத்தம் தெளிவாகக் கேட்டாலும், கேள்வி வரவில்லை என்றால் பதிலும் இல்லை. அடுத்த பந்துக்குப் பௌலர் ஓடத் தொடங்கிவிட்டால் பழைய பந்துக்காகக் கேட்கவும் முடியாது.

கேட்டாலும் உடனே விரல் எழக் கூடாது. நடந்ததை மனதுக்குள் மறுபடி ஒரு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். அவுட் இல்லை என்றால் அதற்குச் சைகையே கிடையாது, "நாட் அவுட்" என்று வாயால் சொல்ல வேண்டும். தலையை ஆட்டினால் ஆமாம் என்றா இல்லை என்றா என்று தெரியாமல் குழம்புவார்கள். நம்மவர்கள் தலையாட்டுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பன்னிரண்டாவது ஓவரில் எங்கள் பௌலர், தம்பிக்குச் சொந்த அத்தை மகன், எல்.பி.டபிள்யூ. கேட்டு மண்டியிட்டே விட்டான். பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆகியிருந்தது. அப்படி ஆனால் எல்.பி.டபிள்யூ. கிடையாது. தம்பி மூன்று எண்ணும் நேரம் நின்றுவிட்டு "நாட் அவுட்" என்றான். அத்தை மகன் முறைத்துக்கொண்டே போனான்.

யார் பதில் சொல்வது என்பதும் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஸ்டம்பிங், ஹிட் விக்கெட், ஸ்ட்ரைக்கர் முனையில் ரன் அவுட் ஆகியவை ஸ்கொயர் லெக்கில் நிற்பவரின் பொறுப்பு. மற்றவை பௌலர் முனையில் நிற்பவருடையது. வைடைப்போல அவுட்டை ஸ்கோரருக்குத் திருப்பிக் காட்ட வேண்டியதில்லை என்கிறது விதி. ஆள் வெளியே நடந்து வருவது எல்லோருக்கும் தெரிகிறதே! கடைசி ஓவரில் விஷயமே இந்த வித்தியாசத்தில்தான் வந்து நின்றது.

கடைசிப் பந்து

எங்கள் பிள்ளைகள் எடுத்தது 118. தெலுங்கு அணி 20-ஆவது ஓவரில் ஐந்து பந்துகள் முடிந்தபோது ஒன்பது விக்கெட்டுக்கு 117. ஒரு பந்து பாக்கி. இரண்டு ரன் எடுத்தால் அவர்களுக்கு வெற்றி, ஒன்று எடுத்தால் சமம். பௌலர் முனையில் தம்பி, ஸ்கொயர் லெக்கில் நான். தம்பியின் இடப்பாக்கெட்டில் ஒரே ஒரு நாணயம்.

எங்கள் லெக் ஸ்பின்னர் வீசிய பந்து ஆஃப் பக்கச் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே விழுந்து இன்னும் வெளியே திரும்பிற்று. கடைசி ஆட்டக்காரர் கிரீஸை விட்டு இறங்கி வீசினார். மட்டைக்கும் பந்துக்கும் ஒரு முழம் இடைவெளி. கீப்பர் எட்டிப் பிடித்து, இரண்டடி திரும்பிப் பெயில்ஸைத் தட்டிவிட்டுக் கத்தினார். பேட்ஸ்மேன் அப்போதும் கோட்டுக்கு வெளியேதான். நான் விரலை உயர்த்தினேன். ஸ்டம்ப்டு. எல்லோரும் அவுட்.

எங்கள் பிள்ளைகள் குதித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒரு ரன்னில் வெற்றி என்று ஒருவரை ஒருவர் தூக்கிக்கொண்டார்கள். மரத்தடியில் இருந்த ஸ்கோரர் என் விரலைப் பார்த்தார், 117 ஆல் அவுட் என்று எழுதிக் கோடு போட்டார். ஆனால் பந்து ஸ்டம்பைத் தாண்டியதுமே தம்பி "வைடு" என்று சொல்லிக் கைகளை விரித்திருந்தான். கீப்பரின் கூச்சலில் அந்தக் குரல் அமுங்கிவிட்டது. பக்கவாட்டிலிருந்து அந்தக் கையும் ஸ்கோரருக்குத் தெரியவில்லை.

தம்பி கூட்டத்திலிருந்து விலகினான். மரத்தடிக்கு நேரே திரும்பி நின்றான். இரண்டு கைகளையும் மறுபடி விரித்தான். அப்படியே நின்றான்.

எங்கள் கேப்டன் அவன் பக்கத்தில் போய், "டேய், மேட்ச் முடிஞ்சு போச்சுடா, கையை இறக்கு" என்றார். அவன் இறக்கவில்லை. "ஸ்கோரர் இன்னும் பதில் காட்டலை அண்ணா" என்று மட்டும் சொன்னான். அத்தை மகனும் வந்து ஏதோ சொன்னான். என் பக்கம் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வைடு அவன் முனையின் தீர்ப்பு. அதில் நான் தலையிடுவதற்கு ஒன்றும் இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த ஸ்கோரரைப் பக்கத்திலிருந்தவர் தோளைத் தட்டிக் காட்டினார். அவர் நிமிர்ந்து பார்த்தார், மெதுவாகக் கையைத் தூக்கினார். தம்பி கைகளை இறக்கினான்.

117 அடிக்கப்பட்டு 118 ஆயிற்று. ஆட்டம் சமம்.

வாக்குவாதம் கால் மணி நேரம் நடந்தது. நான் சொன்ன விளக்கம் இதுதான். வைடு என்று சொன்ன கணமே ஒரு ரன் அணிக்குச் சேர்ந்துவிடும். அதே பந்தில் ஆள் அவுட் ஆனாலும் அந்த ரன் போகாது. வைடில் பௌல்டு, கேட்ச், எல்.பி.டபிள்யூ. கிடையாது. ஸ்டம்பிங், ரன் அவுட், ஹிட் விக்கெட், ஃபீல்டரைத் தடுத்தல் ஆகியவை உண்டு. ஆகவே ரன்னும் உண்டு, விக்கெட்டும் உண்டு. "அப்ப அவங்களுக்கு ஜெயிக்க ஒரு ரன்தான் வேணும்னு இருந்திருந்தா?" என்று கேப்டன் கேட்டார். நல்ல கேள்வி. அப்படி இருந்தால் வைடு சொன்ன கணத்திலேயே ஆட்டம் முடிந்திருக்கும். அதன் பிறகு நடந்த ஸ்டம்பிங் கணக்கிலேயே வராது, அவர்கள் ஒரு விக்கெட்டில் ஜெயித்திருப்பார்கள்.

ஸ்கோர் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை இன்றும் பார்க்கலாம். ஒரே பந்துக்காகப் பௌலரின் கணக்கில் ஒரு வைடும் ஒரு விக்கெட்டும் ஏறியிருக்கின்றன. மொத்தம் 20 ஓவர் என்று எழுதாமல் 19.5 என்று இருக்கிறது. அந்தப் பந்து ஓவரில் சேரவில்லை அல்லவா, தம்பியின் பாக்கெட்டில் ஆறாவது நாணயம் நகரவே இல்லை.

அதன் பிறகு எங்கள் ஆட்டங்களில் இரண்டு மாற்றங்கள் செய்தோம். ஸ்கோரரின் மேஜையை வேப்பமரத்தடியிலிருந்து எடுத்து, ஒரு முனையின் ஸ்டம்புகளுக்கு நேர் பின்னால், எல்லைக்கு வெளியே போட்டோம். இப்போது எந்த முனையில் அம்பயர் நின்றாலும், முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ இரண்டு கைகளும் தெரிகின்றன. இரண்டாவதாக, இரு அணியிலிருந்தும் ஒவ்வொரு ஸ்கோரர் சேர்ந்து உட்காருகிறார்கள். ஒருவர் எழுதக் குனியும்போது மற்றவர் மைதானத்தைப் பார்க்கிறார். பதில் காட்டுவதற்குக் கையில் ஒரு வெள்ளைத் துணி வைத்திருக்கிறார்கள். வரும் பொங்கல் ஆட்டத்துக்கு நம் பக்கத்திலிருந்து ஸ்கோரர் ஒருவர் தேவை. கணக்குப் போடத் தெரிந்த பெண்பிள்ளைகள் வந்தால் இன்னும் நல்லது. விருப்பம் உள்ளவர்கள் சொல்லி அனுப்பினால், ஒரு மாலை மொட்டை மாடிக்கு வரச் சொல்கிறேன்.